யாருடைய உபரி?
மேல்வாரம், நிகர விளைவு, கிணற்றுக் கடன்

1

உபரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் வட்டத்தில் எல்லோருக்கும் மார்க்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். உழைப்பாளி உண்டாக்கி முதலாளி எடுத்துக்கொள்வது உபரி மதிப்பு. ஆனால் கல்லூரிப் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இன்னொரு உபரி இருக்கிறது. அதற்கு 'உற்பத்தியாளர் உபரி' என்று பெயர். ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலின் வழியாகப் பரவிய கருத்து இது. முதலாளியப் பொருளாதாரத்தின் சாமான், நமக்கெதற்கு என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒதுக்க முடியாது என்பது என் கட்சி. ஏனென்றால் இந்தப் பெயர் பிறப்பதற்கு முன்னாலேயே இந்த அளவையை நம் நிலங்களின்மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பட்டாவிலும் அடங்கலிலும் நாம் பார்க்கிற 'தரம்', 'தீர்வை' என்ற சொற்களுக்குப் பின்னால் நிற்பது இந்தக் கணக்குதான். விவசாயி நஷ்டத்தில் ஓடிக்கொண்டே ஏன் உழுதுகொண்டும் இருக்கிறான் என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் கிடைக்கிறது.

முதலில் கணக்கு என்னவென்று பார்த்துவிடுவோம். திருவண்ணாமலையைச் சுற்றிய மேட்டு நிலங்களில் மல்லாட்டை முக்கியமான பயிர். கிணறு வைத்திருக்கும் ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. முதல் மூட்டை விளைய 200 ரூபாய் போதும், மழையே பாதி வேலையைச் செய்துவிடும். இரண்டாவது மூட்டைக்கு மேற்கொண்டு 300. மூன்றாவதற்கு 400. இப்படி ஒவ்வொரு மூட்டைக்கும் நூறு கூடிக்கொண்டே போகிறது. இன்னொரு களை, இன்னொரு தண்ணி, இன்னொரு வண்டி எரு என்று சேர்ந்துகொண்டே போவதால் அப்படி. ஆறாவது மூட்டைக்கு 700, ஏழாவதற்கு 800. சந்தையில் மூட்டை 750 ரூபாய். இவர் ஒருவர் கூடப் போட்டாலும் குறையப் போட்டாலும் அந்த விலை மாறப்போவதில்லை. போட்டிச் சந்தை என்பதற்கு இதுதான் அர்த்தம். ஆகவே ஆறு மூட்டையோடு நிறுத்துவார். ஏழாவதைப் போட்டால் ஐம்பது ரூபாய் கைநட்டம்.

முதல் மூட்டையில் 200 போட்டு 750 வாங்குகிறார், 550 மீதி. இரண்டாவதில் 450. பிறகு 350, 250, 150, 50. கூட்டினால் 1800. மூட்டைக்கு மூட்டை ஏறிக்கொண்டே போகிற அந்தச் செலவைக் கோடாகப் போட்டால் அதுதான் அவருடைய அளிப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே, விலைக்குக் கீழே கிடக்கும் பரப்புதான் உற்பத்தியாளர் உபரி. மாவட்டத்தில் உள்ள எல்லோருடைய கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் சந்தையின் அளிப்புக் கோடு வரும். ஏரிப் பாசன நிலம் கோட்டின் அடிப்பக்கத்திலும், கல்லு மேடு அதன் உச்சியிலும் உட்காரும். விலை எல்லோருக்கும் ஒன்று, செலவு வேறு வேறு. பரப்பு உண்டாவது அந்த வித்தியாசத்தில்தான்.

இதையே இன்னொரு வழியாகவும் அளக்கலாம். கிணறு வெட்டிய கடனுக்கும் மோட்டாருக்குமாக இந்தப் பருவத்துக்கு 1200 ரூபாய் கட்ட வேண்டும் என்று வையுங்கள். இது மாறாச் செலவு. ஒரு மூட்டை விளைந்தாலும் ஆறு விளைந்தாலும், ஒன்றுமே விதைக்காமல் போட்டுவைத்தாலும், 1200 கட்டியாக வேண்டும். மொத்த வரவு 4500. ஆறு மூட்டைக்கும் ஆன மாறும் செலவு 2700. கடன் 1200 போனால் லாபம் 600. லாபம் 600, மாறாச் செலவு 1200, கூட்டினால் அதே 1800.

இரண்டும் ஒரே தொகையாக வருவது தற்செயல் இல்லை. அளிப்புக் கோட்டுக்குக் கீழே இருப்பது ஒவ்வொரு மூட்டைக்கும் ஆன கூடுதல் செலவுகளின் கூட்டல், அதாவது மாறும் செலவு முழுவதும். கிணற்றுக் கடன் எந்த மூட்டையின் கூடுதல் செலவிலும் சேரவில்லை. ஆகவே வரவிலிருந்து கோட்டுக்குக் கீழ்ப்பரப்பைக் கழித்தால் மிஞ்சுவதில் லாபமும் இருக்கும், கிணற்றுக் கடனும் இருக்கும். உபரி வேறு, லாபம் வேறு. இந்த ஒரு வித்தியாசத்தை மறைத்தோ மறந்தோதான் இரண்டு நூற்றாண்டாக வாதங்கள் நடந்துவருகின்றன.

2

மேல்வாரம், குடிவாரம் என்ற பிரிவினை நமக்குப் பழையது. விளைச்சலில் அரசுக்கோ கோயிலுக்கோ மேலுரிமை உடையவருக்கோ போவது மேல்வாரம், உழுகிறவனுக்கு நிற்பது குடிவாரம். கோயிலுக்கு நிலம் விட்டார்கள் என்று சொல்கிற இடங்களில் பல சமயம் மாறியது மேல்வாரம் போய்ச் சேரும் இடம்தான், ஏர் பிடித்த கை மாறவில்லை. களத்துமேட்டில் நெல்லைக் கண்ணால் பார்த்துப் பங்கு பிரித்த வழக்கம் அது. செலவு என்ன, மிச்சம் என்ன என்று அது கேட்கவில்லை. மொத்தத்தில் இத்தனை பங்கு, அவ்வளவுதான்.

கேள்வியை மாற்றியது ரயத்துவாரி. தாமஸ் மன்றோ 1800 முதல் 1807 வரை ராயலசீமைப் பகுதியில் வயல் வயலாக வரி போட்டுப் பார்த்தார். 1820இல் அவர் சென்னை கவர்னரானபோது அந்த முறை மாகாணத்தின் முறையாகிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் லண்டனில் ரிக்கார்டோ 1817இல் தன் நூலை வெளியிட்டிருந்தார். விளைச்சல் விலையைத் தீர்மானிப்பது கடைசியாகச் சாகுபடிக்கு வரும் மட்ட நிலத்தின் செலவு, அதைவிட நல்ல நிலத்தில் மிஞ்சுவது வாரம் என்பது அவர் வாதம். வாரம் கொடுப்பதால் தானியம் விலை ஏறுவதில்லை, தானியம் விலை ஏறுவதால்தான் வாரம் உண்டாகிறது. அவருடைய நண்பர் ஜேம்ஸ் மில் 1819இல் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாரம் யாருடைய உழைப்பாலும் உண்டாவதில்லை, அதை அரசு முழுக்க எடுத்துக்கொண்டாலும் ஒரு படி நெல்கூடக் குறையாது என்பது மில் கண்ட முடிவு. நிலச்சுவான்தார் இல்லாத ரயத்துவாரி நாடு அவருக்கு ஏற்ற சோதனைக்கூடமாகத் தெரிந்தது.

சோதனை முதலில் நடந்தது புனே பக்கத்தில். ஆர்.கே. பிரிங்கிள் என்ற அதிகாரி ஹெய்லிபரி கல்லூரியில் மால்தஸிடம் படித்தவர். 1820களின் கடைசியில் அவர் ஒவ்வொரு மண் வகைக்கும் விளைச்சல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கெடுத்து, மிஞ்சும் 'நிகர விளைவில்' 55 சதவீதத்தை வரியாக வைத்தார். தத்துவப்படி சுத்தமான கணக்கு. நடைமுறையில் சரிந்தது. கீழ்மட்ட ஊழியர்கள் எழுதிக்கொடுத்த விளைச்சலும் செலவும் நம்பத்தக்கவை அல்ல. விலையும் விழுந்துகொண்டிருந்தது. நிலங்கள் கைவிடப்பட்டன, ஆட்கள் வெளியேறினார்கள். 1830களில் கோல்ட்ஸ்மிட்டும் விங்கேட்டும் வந்து இந்தக் கணக்கையே ஓரங்கட்டினார்கள்.

சென்னை மாகாணம் அதை ஓரங்கட்டவில்லை. 1855இல் தொடங்கிய அளவை, செட்டில்மென்ட் வேலையில் முதலில் மொத்த விளைச்சலில் 30 சதவீதம் என்று பேசினார்கள். 1864இல் இந்தியா மந்திரி சார்லஸ் வுட் 'நிகர விளைவில் பாதி' என்று முடிவுசெய்தார். முறை இதுதான். மண்ணைத் தரம் பிரிப்பது. ஒவ்வொரு தரத்துக்கும் அறுத்துப் பார்த்துச் சராசரி விளைச்சல் காண்பது. பஞ்ச வருஷங்களை நீக்கி இருபது வருஷ விலைச் சராசரியால் அதைப் பணமாக்குவது. வண்டிக்கூலிக்கும் வியாபாரி லாபத்துக்கும் கொஞ்சம் தள்ளுவது. மழை பொய்க்கும் வருஷங்களுக்காக இன்னும் கொஞ்சம் தள்ளுவது. பிறகு சாகுபடிச் செலவைக் கழித்து மிஞ்சியதில் பாதியைத் தீர்வை என்பது. திருவண்ணாமலைத் தாலுகா அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911இல்தான் வடாற்காட்டோடு சேர்ந்தது. 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. இந்தத் தாலுகாவின் புஞ்சைத் தரங்களும் இந்த வாய்பாட்டின் பிள்ளைகள்தான்.

இதைக் கவனமாகப் பாருங்கள். விலை, விளைச்சல், செலவு, மிச்சம். மார்ஷலுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே நம் தாசில் கச்சேரிகளில் உற்பத்தியாளர் உபரியை நெருங்கிய ஓர் அளவை எழுதிக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம், மார்ஷல் அதைப் புரிந்துகொள்ள அளந்தார். கச்சேரி அதை எடுத்துக்கொள்ள அளந்தது.

3

எல்லாமே ஒரே வரியில் தொங்குகிறது: எதையெல்லாம் செலவு என்று ஒப்புக்கொள்வது? ரமேஷ் சந்திர தத் 1900இல் கர்சனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களின் சென்னைப் பகுதியில் முக்கியமான சண்டை இதுதான். பாதி நிகரம் என்பது காகிதத்தில் நியாயம். செலவைக் குறைத்து எழுதிவிட்டால் பாதி என்பது முழுசுக்கும் மேலே போய்விடும். கர்சன் அரசாங்கம் 1902 ஜனவரியில் நீண்ட தீர்மானமாகப் பதில் சொன்னது. தீர்வை மிதமானதுதான் என்பது அதன் சாரம்.

நம் குடியானவரிடம் திரும்புவோம். அவருடைய உண்மையான மொத்தச் செலவு 2700 மாறுவது, 1200 மாறாதது, ஆக 3900. நிகரம் 600, அதில் பாதி 300. செட்டில்மென்ட் ஆபீசர் கிணற்றுக் கடனைக் கணக்கில் எடுக்கவில்லை, வீட்டுப் பெண்கள் எடுத்த களைக்குக் கூலி போடவில்லை, செலவு 2000தான் என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். நிகரம் 2500 ஆகிவிடுகிறது. பாதி 1250. லாபமே 600ஆக இருக்கிறவர் 1250 கிஸ்தி கட்ட வேண்டும்.

அவர் நிலத்தைப் போட்டுவிட்டுப் போவாரா? இங்கேதான் கணக்கு கூர்மையாகிறது. பட்டா கையில் இருக்கிறவரை விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் தீர்வை விழும். அதுவும் மாறாச் செலவாகிவிட்டது. விதைக்காவிட்டால் கிணற்றுக் கடன் 1200, கிஸ்தி 1250, இரண்டும் சேர்ந்து 2450 தலையில் நிற்கும். விதைத்தால் 1800 உபரி வந்து, 650 மட்டும் துண்டு விழும். ஆகவே விதைப்பார். கிஸ்தியைக் கட்டிவிட்டு 550 ரூபாயோடு கடன்காரன் முன்னால் நிற்பார். அடுத்த வருஷமும் விதைப்பார். கிஸ்தி நின்றால் நிலத்தை ஏலம்விடச் சட்டம் இருந்தது. 'பாதி நிகரம்' முடிவான அதே 1864ஆம் வருஷத்துச் சட்டம்தான், வருவாய் வசூல் சட்டம். தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. 'சாகுபடிப் பரப்பு குறையவில்லையே, அப்படியானால் வரி பாரமில்லை' என்ற வாதம் அரசாங்கங்களுக்கு எப்போதும் கைவாகானது. அது தப்பு. ஒரு பருவத்தில் பரப்பு குறையாததற்குத் தேவை உபரி பூஜ்யத்துக்கு மேல் இருப்பது மட்டும்தான். விலை 750லிருந்து 450க்கு விழுந்தாலும் நம்மாள் மூன்று மூட்டை போடுவார். வரவு 1350, செலவு 900, உபரி 450. கிணற்றுக் கடனை வைத்துப் பார்த்தால் 750 நஷ்டம், ஆனால் சும்மா இருந்தால் நஷ்டம் 1200. மூட்டை 200க்குக் கீழே போனால்தான் நிலம் தரிசு. ஆகவே பாரம் தெரிய வேண்டுமானால் பரப்பைப் பார்க்கக் கூடாது. கடன் பத்திரத்தையும், மாடு விற்ற கணக்கையும், பழுது பார்க்காத கிணற்றையும் பார்க்க வேண்டும். "கெணத்துக் கடன் தலைக்கு மேல நிக்குது, பயிர் வக்கலேன்னா மட்டும் அது கொறயுமா?" என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வதில் இந்தக் கோட்பாடு முழுசாக இருக்கிறது.

மார்ஷலும் இதைக் கண்டுகொண்டவர்தான். இயற்கை கொடுத்த நிலத்தின் மிச்சத்துக்கு வாரம் என்று பெயர். மனிதன் போட்ட முதலின் மிச்சத்துக்கு 'போலி வாரம்' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். குறுகிய காலத்தில் அது வாரம் மாதிரியே இருக்கும், வரி போட்டு எடுத்தாலும் அந்தப் பருவ விளைச்சல் குறையாது. நாள்பட்டால் யாரும் புதுக் கிணறு வெட்டமாட்டார்கள். சென்னை வருவாய்த் துறைக்கும் இது நடைமுறையில் தெரிந்திருந்தது. குடியானவர் தன் சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றைக் காட்டிப் புஞ்சைக்குக் கூடுதல் தீர்வை போடக்கூடாது என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஏற்கப்பட்டது. நிலத்தின் மிச்சம் அரசுக்கு, கிணற்றின் மிச்சம் குடியானவருக்கு என்கிற கோடு அது. எல்லாக் கோடுகளையும் போல இதுவும் சில இடங்களில் மங்கியது. ஆனால் ஏரி நம்பிப் பிழைத்த இந்தப் பக்கம் கிணறுகளின் நாடாக மாறியதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

4

கிணறு என்றதும் நம் காலத்துக்கு வந்துவிடுகிறோம். கவலை ஓட்டிய காலத்தில் தண்ணி இறைப்பது மாறும் செலவு: மாடு, ஆள், நேரம். ஆயில் இன்ஜின் வந்தபோதும் டீசல் மாறும் செலவுதான். கரண்டு மோட்டார் வந்தது, விவசாயிகள் சங்கத்தின் மின்கட்டணப் போராட்டங்கள் வந்தன, முதலில் சிறு விவசாயிகளுக்கும் பிறகு 1990இல் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. கணக்கில் இதற்கு என்ன அர்த்தம்? இறைக்கிற செலவு கழன்றுபோகிறது. நம்மாளுக்கு ஒவ்வொரு மூட்டையிலும் நூறு ரூபாய் குறைந்தது என்று வையுங்கள். 100, 200 என்று தொடங்கி ஏழாவது மூட்டை 700. இப்போது ஏழு போடுவார். வரவு 5250, மாறும் செலவு 2800, உபரி 2450. எல்லோரும் ஏழாவதைப் போட்டால் சந்தை விலை இறங்கும் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். லாபம் 600லிருந்து 1250 ஆகிறது. போராட்டத்தின் வெற்றி நிஜம்தான்.

ஆனால் பக்கத்துக் கிணற்றுக்காரரும் இறைக்கிறார். வடாற்காட்டின் அடிநிலம் கெட்டிப் பாறை. பாறைக்கு மேலிருக்கும் சிதைவிலும் பாறையின் வெடிப்புகளிலும் நிற்கிற தண்ணீர்தான் சொத்து. மட்டம் இறங்குகிறது. கிணற்றை ஆழப்படுத்த வேண்டும், கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளை போட வேண்டும், பிறகு போர், பிறகு இன்னொரு போர். தமிழ்நாட்டுப் பாசனத்தை நெடுங்காலம் ஆராய்ந்த எஸ். ஜனகராஜன் போன்றவர்கள் இந்தப் போட்டி ஆழப்படுத்தலையும் அதனால் ஏறிய கடனையும் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். பருவத்துக்குக் கட்ட வேண்டிய கடன் 1200லிருந்து 2400 ஆகட்டும். உபரி அதே 2450. லாபம் 50.

முதல் கணக்கோடு ஒப்பிட்டால் உபரி 650 ஏறியிருக்கிறது, லாபம் 550 இறங்கியிருக்கிறது. உற்பத்தியாளர் உபரியை மட்டும் வரைந்து காட்டுகிற ஓர் ஆய்வாளர் விவசாயி நன்றாக இருக்கிறார் என்று எழுதலாம், எண் தப்பாக இருக்காது. மாறும் செலவு மாறாச் செலவாக உருமாறி, பரப்புக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மானியம் போர் போடுகிறவருக்கும் குழாய் விற்கிறவருக்கும் வட்டிக்காரருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கிணற்றில் பங்கு மட்டும் வைத்திருக்கிற, ஆழப்படுத்தப் பணமில்லாத சின்னக் குடியானவர் கோட்டின் உச்சிக்குத் தள்ளப்பட்டு அங்கிருந்து விழுகிறார்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. 'உற்பத்தியாளர்' யார்? குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் முன்கூட்டியே குத்தகையைக் கட்டிவிட்டால் அதுவும் அவருக்கு மாறாச் செலவுதான். பரப்பு அவர் பேரில் விழுகிறது, பணம் நிலக்காரர் மடியில் விழுகிறது. எட்வர்ட் மிஷான் என்ற பொருளாதாரர் 1968இல் இந்தச் சொல்லையே தூக்கிவிட்டு வாரம் என்று நேராகச் சொல்லலாமே என்று எழுதியது வேறு காரணங்களுக்காக, ஆனால் நமக்கும் உதவும். அதோடு இந்தக் கணக்கு முழுவதும் விலை எல்லோருக்கும் ஒன்று என்ற அனுமானத்தில் நிற்கிறது. 1970களிலிருந்து வடாற்காட்டுச் சந்தைகளை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ் காட்டியது, கடனும் வியாபாரமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடப்பதைத்தான். மண்டியில் முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்கே போட வேண்டும். அவருக்கு 750 என்பது பலகையில் எழுதிய விலை, கைக்கு வருவது 650. அப்போது ஐந்து மூட்டையோடு நின்றுவிடுவார், உபரி 1250. காணாமல்போன 550இல் 500 மண்டிக்குப் போனது. மிச்சம் 50 யாருக்கும் போகவில்லை, விளையாமலே போய்விட்டது.

5

இது முடிந்துபோன சரித்திரம் இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்காக நடக்கும் வாதத்தில் ஏ2, சி2 என்று பேசிக்கொள்கிறார்களே, அது இதே பழைய சண்டை. ஏ2 என்பது கையைவிட்டுப் போன செலவு, தேய்மானமும் உண்டு. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்ப்பது ஒரு படி. சொந்த முதலின் வட்டியையும் சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சேர்த்தால் சி2. சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் என்றது. 2018 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு ஒன்றரை மடங்கு தருகிறோம் என்று சொன்னபோது எடுத்துக்கொண்டது குடும்ப உழைப்போடு நின்ற கணக்கை. விவசாய இயக்கங்கள் கேட்பது சி2வை.

நாமும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தின் குத்தகை மதிப்பைச் செலவில் சேர்ப்பதில் ஒரு சுழல் இருக்கிறது. விலை ஏறினால் குத்தகை ஏறும், குத்தகை ஏறினால் 'செலவு' ஏறும், அதைக் காட்டி மறுபடி விலை ஏற வேண்டும். ரிக்கார்டோ சுட்டியது இதைத்தான். அப்படி ஏறும் விலையில் நிலக்காரர் பங்கு எவ்வளவு, உழுகிறவர் பங்கு எவ்வளவு என்று நம் சங்கங்கள் கேட்காமல் இருக்கக் கூடாது. ஆனால் கிணற்றுக் கடனின் வட்டியில் அந்தச் சுழல் இல்லை. அது உண்மையாகப் போன பணம். பெண்கள் எடுத்த களையும் உண்மையாகப் போன உழைப்பு. இரண்டையும் செலவு இல்லை என்று எழுதுகிறவர், 2000 என்று எழுதிய செட்டில்மென்ட் ஆபீசரின் வாரிசுதான்.

மேல்வாரம் என்ற பழைய சொல்லில் குறைந்தபட்சம் ஒரு வெளிப்படைத்தன்மை இருந்தது. யாருக்குப் போகிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். உற்பத்தியாளர் உபரி என்ற சொல் அதைச் சொல்வதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இதில் லாபம் எவ்வளவு, மாறாச் செலவு எவ்வளவு, அந்த மாறாச் செலவு யாருடைய வரவு?